எக்செல் 3.39 மீட்டர் என்கிறது, கேஜ் 7 மீட்டர் என்கிறது: பைப் உராய்வு இழப்பில் எந்த அலகு தப்பு?

வரப்போரம்

300 மீட்டர் நீளத்துக்கு பி.வி.சி. பைப். வெளிவிட்டம் 75 மி.மீ., உள்விட்டம் 70 மி.மீ. நிமிடத்துக்கு 300 லிட்டர் போகிறது. லைன் முழுக்கச் சமமட்டம், நடுவில் வால்வோ கிளையோ இல்லை. தொடக்கத்தில் உள்ள கேஜ் 1.9 கிலோ, கடைசியில் உள்ளது 1.2 கிலோ. வித்தியாசம் 0.7 கிலோ, அதாவது 7 மீட்டர் ஹெட்.

எக்செலில் ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரம் போட்டேன். ஓர் அமெரிக்க ஸ்பிரிங்க்ளர் குறிப்பில் இருந்ததை அப்படியே எடுத்தேன்:

```
S = 4.52 * Q^1.852 / (C^1.852 * d^4.87)

Q = 79.25    கேலன்/நிமிடம்
C = 140      பைப்பின் வழவழப்பு எண்
d = 2.756    அங்குலம்
S = 0.01131  ஓர் அடி நீளத்துக்கு
இழப்பு = 0.01131 * 300 = 3.39 மீட்டர்
```

S என்பது அடிக்கு இத்தனை அடி இழப்பு, வெறும் விகிதம்தான். அதனால் 300 மீட்டரால் பெருக்கினால் மீட்டரிலேயே வரும் என்று எடுத்துக்கொண்டேன். விடை பாதிதான் வருகிறது. எங்கே தப்பு?

சுருளி

முதல்ல கேஜை மாத்துங்க. விலை குறைஞ்ச கேஜ் ரெண்டு வாங்கி ஒரே பாயிண்ட்ல மாட்டினா ஒண்ணு 1.5 காட்டும், இன்னொண்ணு 1.8 காட்டும். கணக்கு சரியாத்தான் இருக்கும்.

மூலைவிட்டம்

கேஜ் வரைக்கும் போக வேண்டாம். 7 ÷ 3.39 = 2.06. கிட்டத்தட்ட சரியாக 2. எங்கோ ஒரு 2 விட்டுப்போயிருக்கிறது. v²/2g என்பதில் அந்த 2ஐச் சரியாகக் கையாண்டீர்களா என்று பாருங்கள். உராய்வுக் கணக்கில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் அது.

வரப்போரம்

சார், என் சூத்திரத்தில் v-யும் இல்லை, g-யும் இல்லை. மேலே இருப்பது அவ்வளவுதான்.

நீர்மட்டம்

மூலைவிட்டம் சொன்னதில் ஒன்று சரி: தப்பான விடைக்கும் எதிர்பார்த்த விடைக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் இங்கே எதிர்பார்த்த விடை கேஜிலிருந்து வந்தது. 0–7 கிலோ அளவுள்ள, 1.6 வகுப்பு கேஜ் என்றால், முழு அளவில் 1.6 சதவீதம், அதாவது 0.11 கிலோ வரை தப்பலாம். இரண்டு கேஜ் சேர்ந்தால் மோசமான நிலையில் 0.22. அப்படியானால் உண்மை வித்தியாசம் 0.5 முதல் 0.9 வரை எதுவாகவும் இருக்கலாம், விகிதம் 1.5 முதல் 2.7 வரை எங்கும் இருக்கலாம். 2.06 என்பதைப் பார்த்து "2 விட்டுப்போச்சு" என்று தேடப் போனால் இல்லாத 2ஐத் தேடிக்கொண்டே இருப்போம்.

சுருளிக்கும் இதுதான் பதில். கேஜ் அவ்வளவு தப்பினாலும் 0.34 கிலோவுக்கு இறங்காது. கணக்கில்தான் கோளாறு.

எண்ணை விட்டுவிட்டு அலகை மட்டும் எழுதிப் பாருங்கள். வரப்போரம், உங்கள் வாக்கியத்திலேயே விடை இருக்கிறது: "S என்பது அடிக்கு இத்தனை அடி". அது அடிதான் என்று யார் சொன்னார்கள்? ஸ்பிரிங்க்ளர் ஆட்கள் ஹெட்டில் பேசுவதில்லை, பி.எஸ்.ஐ.யில் பேசுவார்கள். 4.52 போட்டால் வருவது ஓர் அடி நீளத்துக்கு இத்தனை பி.எஸ்.ஐ.

அடிக்கு அடி என்றால் நீளத்தை நீளத்தால் வகுக்கிறோம், மிச்சம் பரிமாணமே இல்லாத எண். அதை மீட்டரால் பெருக்கினாலும் கஜத்தால் பெருக்கினாலும் சரிதான். அடிக்கு பி.எஸ்.ஐ. அப்படியில்லை. பி.எஸ்.ஐ. என்பது விசை வகுத்தல் பரப்பு. அதை இன்னொரு நீளத்தால் வகுத்தால் விசை வகுத்தல் கனஅளவு. அது எடையடர்த்தியின் பரிமாணம். அதை 300 மீட்டரால் பெருக்கினால் அழுத்தம் வரும், மீட்டர் வராது. "இழப்பு = S × 300" என்ற உங்கள் கடைசி வரியில் இடப்பக்கம் நீளம், வலப்பக்கம் அழுத்தம். அங்கேதான் உடைகிறது.

சரிசெய்வதும் இதே வழியில்தான். எடையடர்த்தி போல இருப்பதைத் தண்ணீரின் எடையடர்த்தியால் வகுத்தால் வெறும் விகிதமாகிவிடும். ஒரு சதுர அடியில் 144 சதுர அங்குலம், அதனால் அடிக்கு 1 பி.எஸ்.ஐ. என்பது கன அடிக்கு 144 பவுண்டு. தண்ணீர் கன அடிக்கு 62.4 பவுண்டு. 144 ÷ 62.4 = 2.31.

0.01131 × 2.31 = 0.0261. இப்போதுதான் இது அடிக்கு அடி. 300 மீட்டரால் பெருக்கினால் 7.83 மீட்டர்.

மூலைவிட்டம்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம், வாதத்துக்காக அல்ல. ஹேசன்–வில்லியம்ஸில் பரிமாணமே சமப்படாதே! Q-வுக்கு அடுக்கு 1.852, d-க்கு 4.87. அடுக்கில் தசமம் வரும் சூத்திரத்தில் பரிமாணப் பகுப்பாய்வு செய்வதற்கு என்ன அர்த்தம்? அதைத் தூக்கிப்போட்டுவிட்டு டார்சி–வைஸ்பாக் போடுவதுதானே முறை?

நீர்மட்டம்

சமப்படாது என்பது பாதி உண்மை. சமப்படாத மிச்சம் முழுவதும் அந்த மாறிலியின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எஸ்.ஐ. வடிவில் அந்த மாறிலி 10.67:

```
h/L = 10.67 * Q^1.852 / (C^1.852 * d^4.87)
```

h/L-க்குப் பரிமாணம் இல்லை. C-யையும் வெறும் எண்ணாக வைப்பது வழக்கம். Q^1.852 என்பதில் மீட்டருக்கு அடுக்கு 5.556, வினாடிக்கு −1.852. கீழே d-யில் மீட்டருக்கு 4.87. ஆக 10.67-ன் அலகு m^−0.686 s^1.852. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஆனால் வேலை செய்யும்.

ஒரு புத்தகத்தில் லிட்டர்/வினாடி, மி.மீ. போடச் சொல்லி 1.21 × 10^10 என்று மாறிலி கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். நம்பலாமா? Q-வின் எண் 1000 மடங்கு பெரிதாகும், அதனால் மாறிலியை 1000^1.852-ஆல் வகுக்க வேண்டும். d-யின் எண்ணும் 1000 மடங்கு பெரிதாகும், அது கீழே இருப்பதால் 1000^4.87-ஆல் பெருக்க வேண்டும். 10.67 × 10^(14.61 − 5.556) = 1.21 × 10^10. அச்சுப்பிழை இல்லை. எங்கிருந்து எடுத்த மாறிலியாக இருந்தாலும் 10.67-க்கு இப்படிக் கொண்டுவந்து பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

உங்கள் 4.52-ஐயும் இதே வழியில் சோதிக்கலாம். 10.67-ஐ கேலன்/நிமிடம், அங்குலத்துக்கு மாற்றினால் 10.43 வரும். உங்களிடம் இருந்ததோ 4.52. 10.43 ÷ 4.52 = 2.31. குறிப்பில் அலகு அச்சாகாமல் போயிருந்தாலும், S பி.எஸ்.ஐ.யில் இருக்கிறது என்று இந்த 2.31 காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை: 10.67-உம் 10.43-உம் பக்கத்தில் இருப்பது தற்செயல். மேலேயும் கீழேயும் மாறும் காரணிகள் ஏறக்குறைய அடிபட்டுப் போகின்றன. அதைப் பார்த்துவிட்டு "எந்த அலகு போட்டாலும் 10.6 பக்கம்தான் வரும்" என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. லிட்டருக்குப் போனால் என்ன ஆகிறது என்று இப்போதுதான் பார்த்தோம்.

கடைக்கோடி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என் கேள்வியும் இதே மாதிரிதான். வினாடிக்கு 5 லிட்டர், மொத்த ஹெட் 40 மீட்டர். 1000 × 0.005 × 40 = 200 வாட் என்று வந்தது. அதாவது கால் எச்.பி.யைவிடக் கொஞ்சம்தான் கூட. கடையில் 5 எச்.பி. மோட்டார் எடுக்கச் சொல்கிறார்கள். விற்பனைக்காகச் சொல்கிறார்களா?

நீர்மட்டம்

கடைக்காரர் சரி. 1000 என்று போட்டீர்களே, அது கன மீட்டருக்கு 1000 கிலோ நிறை. அலகைப் பெருக்குங்கள்: கிலோ/மீ³ × மீ³/வினாடி × மீ = கிலோ·மீட்டர்/வினாடி. வாட் என்பது கிலோ·மீ²/வினாடி³. குறைவது மீ/வினாடி², அதாவது g. 200 × 9.81 = 1962 வாட்.

உங்கள் 200-உம் முழுத் தப்பு இல்லை. 1000-ஐ எடையாக, கிலோ விசையாக எடுத்தால் அது வினாடிக்கு 200 கிலோ விசை·மீட்டர். ஒரு மெட்ரிக் எச்.பி. என்பது அதில் 75. 200 ÷ 75 = 2.67 எச்.பி. பம்பு ஆட்கள் "லிட்டர் இன்டு ஹெட் பை 75" என்று மனக்கணக்காகச் சொல்வது இதுதான். 1962 ÷ 735.5 போட்டாலும் அதே 2.67. பம்பும் மோட்டாரும் சேர்ந்து 50 சதவீதம் திறன் என்றால் 5.3 எச்.பி. ஆகிறது.

நிறைக்கும் கிலோ, எடைக்கும் கிலோ, பிரஷருக்கும் கிலோ என்று நாம் பேசுவதால் 9.81 அடிக்கடி காணாமல் போகும். விடை சுமார் 10 மடங்கு குறைந்தால் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

கம்பிவேலி

இந்த மாதிரித் தப்பை மனிதன் பார்த்துப் பிடிக்க வேண்டியதில்லை. பைத்தானில் pint இருக்கிறது:

```python
import pint
u = pint.UnitRegistry()

S = 0.01131 * u.psi / u.foot
loss = S * (300 * u.meter)

print(loss.to("bar"))   # சுமார் 0.77 bar
loss.to("meter")        # DimensionalityError
```

கடைசி வரியில் பிழை காட்டி நிற்கும். எக்செல் 3.39 என்று சிரித்துக்கொண்டே காட்டியிருக்கும்.

நீர்மட்டம்

நல்லது, ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். `u.psi / u.foot` என்று நீங்கள் எழுதியதால்தான் அது நிற்கிறது. வரப்போரம் S-ஐ அடிக்கு அடி என்று நம்பியிருந்தார். அவர் எழுதியிருந்தால் `u.foot / u.foot` என்று எழுதியிருப்பார், pint மறுபேச்சில்லாமல் 3.39 மீட்டர் தந்திருக்கும். அதேபோல, மாறிலிக்கு அலகு கொடுக்கச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் `.magnitude` போட்டு உரித்துக் கணக்கிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் pint இருப்பதும் இல்லாததும் ஒன்று.

எக்செலிலேயே செய்யலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துக் கட்டத்தில் அலகு. இடைவிடை ஒவ்வொன்றுக்கும், குறிப்பாக S போன்றதற்கு, தனி வரி. சூத்திரத்தை எடுத்த இடத்தில் என்ன அலகு போட்டிருந்ததோ அதை மட்டும் எழுதுங்கள். அங்கே இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். காலியாக இருக்கும் கட்டம்தான் முதல் சந்தேகம்.

வரப்போரம்

எக்செலைத் திருத்திவிட்டேன், 7.83 வருகிறது. நன்றி. ஆனால் கேஜ் காட்டுவது 7.0. இந்த 0.8-உம் அலகுக் கோளாறாக இருக்குமா?

நீர்மட்டம்

அலகுத் தப்பு 12 சதவீதம் காட்டுவது அபூர்வம். ஒரு குறுக்குச் சோதனை செய்யலாம், டார்சி–வைஸ்பாக் வழியில். அங்கே ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பரிமாணம் பார்க்க முடியும்.

வேகம் = 0.005 ÷ (0.785 × 0.07²) = 1.30 மீ/வினாடி. இங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். பாசனப் பைப்பில் 1 முதல் 2 மீ/வினாடி இயல்பு. 13 என்றோ 0.02 என்றோ வந்திருந்தால் மேலே போகவே வேண்டாம், Q-விலோ d-யிலோ அலகு தப்பு. v²/2g = 1.69 ÷ 19.62 = 0.086 மீ, வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தால் வகுத்தால் நீளம், சரி. L/D = 300 ÷ 0.07 = 4286, வெறும் எண். ரெனால்ட்ஸ் எண் சுமார் 91,000, வழவழப்பான பைப்புக்கு உராய்வுக் காரணி f சுமார் 0.018. பெருக்கினால் சுமார் 6.7 மீட்டர்.

6.7-உம் 7.83-உம் கேஜின் 0.5–0.9 கிலோ எல்லைக்குள்தான் இருக்கின்றன. 3.39 இல்லை. அலகுச் சோதனை இதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

மூலைவிட்டம்

அப்படியானால் டார்சியில் பரிமாணச் சோதனை முழுப் பாதுகாப்புத் தருகிறது, சரிதானே? D-க்கு அடுக்கு தப்பாகப் போட்டால்கூடப் பிடித்துவிடும்.

நீர்மட்டம்

அடுக்கைப் பிடிக்கும். 8fLQ²/(π²gD⁵) என்பதில் D⁵-க்குப் பதில் D⁴ போட்டால் விடை நீளத்தின் வர்க்கமாக வரும். ஹேசன்–வில்லியம்ஸில் அந்த வசதி இல்லை. 4.87-ஐ 4.78 என்று தட்டிவிட்டால், மாறிலியின் அலகு என்ன என்று யாரும் எழுதி வைக்காததால், எதுவும் உறுத்தாது.

ஆனால் பரிமாணம் இல்லாத எண்ணில் தப்பு வந்தால் டார்சியிலும் பிடிபடாது. f-இல் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கின்றன. கெமிக்கல் ஆட்களின் புத்தகத்தில் உள்ள ஃபேனிங் f, டார்சி f-இல் கால்பங்கு. அதை இந்தச் சூத்திரத்தில் போட்டால் இழப்பு 6.7-க்குப் பதில் 1.7 மீட்டர். இரண்டு பக்கமும் மீட்டர்தான், சோதனை தேறிவிடும். அட்டவணையில் லாமினார் ஓட்டத்துக்கு 64/Re என்று இருந்தால் டார்சி, 16/Re என்று இருந்தால் ஃபேனிங்.

சுருளி

இன்னொண்ணு விட்டுட்டீங்க. நிறைய பேரு 75 எம்.எம். பைப்புன்னா 75-ஐயே d-னு போடுவாங்க. அது வெளிவிட்டம். இவர் 70 போட்டிருக்கார், சரி. மத்தவங்க பார்த்துக்கணும்.

நீர்மட்டம்

சுருளி சொன்னது பெரிய விஷயம். மி.மீ.க்கு மி.மீ.தான், எந்த அலகுச் சோதனையும் சத்தம் போடாது. (75/70)^4.87 = 1.40. இழப்பு 7.83-க்குப் பதில் 5.59 மீட்டர் என்று குறைவாக வரும்.

இதோடு சேர்த்துப் பார்க்க ஒன்று உண்டு. நம்ம ஊர் பழைய புத்தகங்களில் கேலன் என்றால் இம்பீரியல் கேலன், 4.546 லிட்டர். அமெரிக்கக் கேலன் 3.785. நிமிடத்துக்கு 300 லிட்டர் என்பது 79.25 அமெரிக்கக் கேலன், ஆனால் 66 இம்பீரியல் கேலன். அமெரிக்கச் சூத்திரத்தில் 66 போட்டால் விடை (79.25/66)^1.852 = 1.40 மடங்கு குறையும்.

இரண்டும் 1.40, இரண்டும் குறைவான பக்கம். விகிதத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. மூலைவிட்டத்தின் "2 விட்டுப்போச்சு" முறைக்கு நான் எச்சரிக்கை சொன்னது இதற்காகவும்தான். பிரித்தறிய வேறு அளவு பைப்பை எடுத்துக் கணக்குப் போடுங்கள். வெளிவிட்டம் 90, உள்விட்டம் 81 என்றால் விட்டத் தப்பின் விகிதம் 1.67 ஆகிவிடும். கேலன் தப்பு என்றால் எந்தப் பைப்பிலும் அதே 1.40-இல் நிற்கும்.

கம்பிவேலி

pint-இல் `gallon` என்றால் அமெரிக்கக் கேலன்தான். மற்றதற்கு `imperial_gallon` என்று எழுத வேண்டும். பழைய புத்தகத்திலிருந்து எடுக்கிறவர்கள் கவனிக்கவும்.

வரப்போரம்

சரி. அப்போ மிச்சமிருக்கும் 6.7-க்கும் 7.83-க்கும் நடுவில் எதை எடுப்பது? C = 150 போட்டுப் பார்த்தேன், 6.89 வருகிறது. டார்சியோடு ஒத்துப்போகிறது.

மூலைவிட்டம்

புதுப் பைப்புக்கு 150தான் சரி. 140 போட்டால் தேவையில்லாமல் பெரிய பம்பு வாங்க வேண்டி வரும்.

நீர்மட்டம்

நான் 140-இல் நிற்பேன். டார்சியில் வந்த 6.7 முழு வழவழப்புப் பைப்புக்கு, இணைப்பு ஒன்றுகூட இல்லாமல். 300 மீட்டரில் 6 மீட்டர் பைப் 50 துண்டு, 49 ஒட்டு. ஒட்டில் வழிந்து உள்ளே காயும் பசைக்கு எந்தச் சூத்திரத்திலும் இடம் கிடையாது. ஆனால் இது அபிப்பிராயம், அலகுக் கணக்கு அல்ல.

தீர்மானமாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரே கேஜை முதலில் இந்த முனையில், பிறகு அந்த முனையில் மாட்டிப் படியுங்கள். கேஜின் பூஜ்ஜியத் தப்பு இரண்டிலும் ஒரே அளவு இருப்பதால் கழித்தால் போய்விடும். இரண்டு தடவையும் நிமிடத்துக்கு 300 லிட்டர்தான் போகிறதா என்று டிரம்மும் கடிகாரமும் வைத்துப் பாருங்கள். ஓட்டம் 5 சதவீதம் கூடினால் இழப்பு 9 சதவீதம் கூடும்.

வரப்போரம்

ஒரே கேஜில் பார்த்தேன்: 1.95, 1.2. முள் கோடுகளுக்கு நடுவில் நிற்கிறது, கோடு 0.1-க்கு ஒன்று. 200 லிட்டர் டிரம் நிறைய 39 வினாடி.

சுருளி

39-னா நிமிஷத்துக்கு 308 லிட்டர். அதையும் எக்செல்ல மாத்துங்க.